தோலில் உள்ள குறை படத்தில் தெரிய வேண்டுமா? ஆம்பூர், பேர்ணாம்பட்டு, விசாரம் பக்கம் அடிக்கடி கேட்ட கேள்விகள்

பதனிட்டு முடித்த தோலைத் தரம் பிரிக்கிற ஃபினிஷ்டு லெதர் செலக்‌ஷன் மேசையில் வருஷக்கணக்காக நிற்கிறேன். முன்பெல்லாம் தோல் வாங்கும் பையருக்குத் தோலையே அனுப்பினோம். இப்போது முதலில் படம் போகிறது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் லாட்டை எடுப்பதா, தள்ளுவதா, விலை பேசுவதா என்று முடிவாகிறது. வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் ஃபோனில் தோல் படம் எடுக்கிற பசங்களும் சின்ன யூனிட் நடத்துகிறவர்களும் என்னிடம் கேட்ட சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்தன. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். விளம்பரத்துக்கு அழகாகப் படம் எடுப்பது வேறு வேலை, அது இதில் இல்லை. தூரத்தில் இருக்கிற ஒருவர் தோலைக் கையில் வாங்கிப் பார்ப்பது போலப் பார்க்க உதவும் படம்தான் இங்கே பேச்சு.

நல்ல ஃபோன்லதான் எடுத்தேன், பளிச்சுனுதான் இருக்கு. அப்புறம் ஏன் "ஒண்ணும் தெரியலை"னு திருப்பி அனுப்புறாங்க?

பளிச்சென்று இருப்பதுதான் காரணம். தோலின் குறைகளில் பாதிக்கு மேல் நிறத்தில் இருப்பதில்லை, மேடு பள்ளத்தில் இருக்கிறது. கீறல், உண்ணி கடித்த தடம், நரம்புத் தடம் எல்லாம் மேற்பரப்பில் ஒரு சின்னப் பள்ளமோ வரப்போதான். வெளிச்சம் நேர் எதிரிலிருந்து விழுந்தால் பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரிலும் ஒரே அளவு படுகிறது. நிழல் விழாத இடத்தில் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. ஃபோனின் ஃப்ளாஷ் லென்ஸுக்கு ஒட்டியே இருப்பதால் இந்த விஷயத்தில் அதைவிடக் கெட்ட வெளிச்சம் கிடையாது.

செலக்‌ஷன் மேசையில் பழகிய ஆளைக் கவனித்துப் பாருங்கள். தோலைத் தட்டையாக விரித்து வைத்து அவர் பார்ப்பதில்லை. ஒரு ஓரத்தைத் தூக்கி, ஜன்னல் பக்கமாகச் சாய்த்து, வெளிச்சம் தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி பிடிப்பார். அவர் கை செய்கிற அந்த வேலையைப் படத்தில் லைட் செய்ய வேண்டும்.

லைட்டை எங்கே வைக்கணும்? எத்தனை லைட் வேணும்?

ஒன்றே ஒன்று போதும். மேலே எரிகிற ட்யூப் லைட்டை அணைத்து, ஜன்னலை மூடி, அந்த ஒரு லைட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது லைட் போட்டால் முதல் லைட் விழுத்திய நிழலை அது அழித்துவிடும். சாதாரண எல்.இ.டி. மேசை விளக்கு இதற்குப் போதும்.

தோலை மேசையில் விரித்து, பார்க்க வேண்டிய இடத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி, மேசை மட்டத்திலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் லைட்டை வையுங்கள். அது ஏறக்குறைய 20 டிகிரி சாய்வு. கீறலும் உண்ணித் தடமும் இந்தச் சாய்வில் நன்றாக எழுந்து தெரியும். மிக மெல்லிய கீறலுக்கு லைட்டை இன்னும் இறக்கி நாலு விரற்கடை உயரத்துக்குக் கொண்டு வரலாம். ஆனால் அதற்குக் கீழே போகாதீர்கள். அங்கே தோலின் இயற்கையான மயிர்க்கால் குழிகள்கூட நிழல் போட ஆரம்பித்துவிடும். முதல் தரத் தோலும் கரடு முரடாகத் தெரியும், குறையும் அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும்.

இன்னொன்றும் பாருங்கள். 60 செ.மீ. தூரத்தில் லைட் இருக்க, 20 செ.மீ. அகலப் பரப்பை எடுத்தால், கிட்டத்து ஓரத்தில் விழும் வெளிச்சம் தூரத்து ஓரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருண்டு போனால் காரணம் இதுதான். லைட்டை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து, உயரத்தை 55 செ.மீ. ஆக்கினால் சாய்வு அதேதான் இருக்கும், வெளிச்சம் மட்டும் சமமாகப் பரவும்.

ஒரு படத்துல கீறல் நல்லா தெரியுது. தோலைத் திருப்பி வச்சு எடுத்தா காணோம். எதை நம்புறது?

இரண்டு படமும் பொய் சொல்லவில்லை. வெளிச்சம் போகும் திசையிலேயே கீறலும் ஓடினால் அது நிழல் போடாது. மாலை வெயிலில் ஏர் ஓட்டிய நிலத்தில் சால்களைப் பாருங்கள். சூரியனுக்குக் குறுக்கே ஓடும் சால் கருகருவென்று தெரியும், சூரியனை நோக்கி ஓடும் சால் கண்ணுக்கே படாது. தோலிலும் அதேதான் நடக்கிறது.

அதனால் ஒரே இடத்தை இரண்டு முறை எடுக்க வேண்டும். லைட்டையும் ஃபோனையும் அசைக்காமல் தோலை மட்டும் கால் சுற்றுத் திருப்பி இன்னொரு படம். கழுத்துப் பகுதியில் சுருக்கம் முதுகுத் தண்டுக்குக் குறுக்காக ஓடும், ஆகவே வெளிச்சம் தலையிலிருந்து வால் பக்கமாகப் போனால்தான் அது தெரியும். முள்கம்பிக் கீறலுக்கு இந்த ஒழுங்கு கிடையாது, மாடு எந்தப் பக்கம் உரசியதோ அந்தப் பக்கம் ஓடும். ஒரே ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் போட்டு எடுத்த படத்தை வைத்து "கீறல் இல்லை" என்று யாரும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

படத்துல இருக்கறது மேடா பள்ளமானு எனக்கே குழப்பமா இருக்குண்ணா. பையருக்கு எப்படிப் புரியும்?

கண் ஒரு பழக்கத்தில் இருக்கிறது. வெளிச்சம் மேலேயிருந்து வருகிறது என்று எடுத்துக்கொண்டுதான் அது பார்க்கும். படத்தில் வெளிச்சம் கீழேயிருந்து வந்திருந்தால் மேடு பள்ளமாகவும், பள்ளம் மேடாகவும் தெரியும். ஒரே படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், உங்களுக்கே புரியும். ஆகவே எல்லாப் படத்திலும் வெளிச்சம் மேல் பக்கத்திலிருந்தோ இடது மேல் மூலையிலிருந்தோ வரட்டும். ஒரு துண்டுக் காகிதத்தில் அம்புக்குறி போட்டு, லைட் இருக்கும் திசையைக் காட்டித் தோலின் ஓரத்தில் வைத்துவிடுங்கள்.

அம்பு இருந்தால் கணக்குச் சுலபம். லைட் இடப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். கோட்டின் இடது ஓரம் வெளுத்து வலது ஓரம் நிழலாக இருந்தால் அது மேடு. இடது ஓரம் நிழலாகி வலது ஓரம் வெளுத்திருந்தால் அது பள்ளம். நம் தொழிலில் இது சின்ன வித்தியாசம் இல்லை. மாடு உயிரோடு இருக்கும்போதே ஆறி மூடின தழும்பு பெரும்பாலும் மேடாக நிற்கும், அது தாங்கும். ஆறாத கீறல் பள்ளமாகத் திறந்தே இருக்கும். ஷூ அச்சான லாஸ்டில் இழுக்கும்போது அந்த இடம் விரிந்து கொடுக்கும், சில சமயம் அங்கேயே வெடிக்கும்.

ஃபோனை எப்படிப் பிடிக்கணும்? கோணலா எடுத்தா ஷைன் நல்லா வருதே?

அளவும் உருவமும் பார்க்க வேண்டிய படத்துக்கு ஃபோன் தோலுக்கு நேர் மேலே, தட்டையாக இருக்க வேண்டும். கோணலாக எடுத்தால் கிட்டத்து ஓரம் பெரிதாகி, தூரத்து ஓரம் சிறிதாகி, அங்கே ஃபோகஸும் போய்விடும். கேமராவில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். பல ஃபோன்களில் கீழே பார்த்துப் பிடிக்கும்போது இரண்டு கூட்டல் குறிகள் வரும், அவை ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் ஃபோன் மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம்.

மிகக் கிட்டே போகாதீர்கள். கிட்டே போனால் ஃபோனின் நிழலே தோலில் விழும், அகல லென்ஸ் ஓரங்களையும் இழுத்துவிடும். பரப்பாக எடுக்கும் படத்துக்கு 30 செ.மீ. உயரம் வசதியானது, கிட்டத்துப் படத்துக்கு நிழல் விழாத அளவுக்கு இறக்கலாம். 2 மடங்கு லென்ஸ் தனியாக இருக்கிற ஃபோன் என்றால் அதைப் பயன்படுத்தலாம். விரலால் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம் புதிதாக எதையும் காட்டாது, இருப்பதை இழுத்துப் பெரிதாக்குவதோடு சரி. ஃப்ரேமுக்குள் ஸ்டீல் ஸ்கேல் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். "சின்னக் கீறல்தான்" என்று எழுதினால் ஆளுக்கு ஓர் அளவு நினைத்துக்கொள்வார்கள். ஸ்கேல் பக்கத்தில் இருந்தால் அந்தப் பேச்சே வராது.

ஷைன் சமாச்சாரம் தனி. கறுப்புத் தோல் பற்றிய கேள்வியில் அதற்கு வருகிறேன்.

எத்தனை மெகாபிக்சல் ஃபோன் வாங்கணும்?

கையில் இருக்கிற 12 மெகாபிக்சலே போதும், அதில் எவ்வளவு பரப்பை அடைக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 12 மெகாபிக்சல் படம் நீள வாக்கில் 4000 பிக்சல். ஒன்றரை மீட்டர் நீள மாட்டுத் தோலை முழுசாக அதில் எடுத்தால் ஒரு மி.மீ.க்கு மூன்று பிக்சல்கூடத் தேறாது. 0.3 மி.மீ. அகலக் கீறல் ஒரு பிக்சலுக்கும் குறைவாகிவிடுகிறது. அந்தப் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் கீறல் கிடைக்காது, ஏனென்றால் அது பதிவாகவே இல்லை.

அதே ஃபோனில் 10 செ.மீ. நீள இடத்தை மட்டும் எடுத்தால் ஒரு மி.மீ.க்கு 40 பிக்சல். அதே கீறல் இப்போது 12 பிக்சல் அகலம், ஓரம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே பார்க்கலாம். பார்க்க வேண்டிய மிகச் சின்னப் பொருளுக்கு ஐந்து பிக்சலாவது கிடைக்கிற மாதிரி ஃப்ரேமை வைப்பது என் கணக்கு. ஆகவே முழுத் தோலுக்கு ஒரு படம், அதில் குறை இருக்கும் இடங்களுக்குச் சாக்பீஸால் வட்டமும் எண்ணும், பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் கிட்டத்துப் படம். 50 மெகாபிக்சல் என்று விற்கிற ஃபோன்களும் வழக்கமான செட்டிங்கில் நாலு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 சொச்சமாகத்தான் படம் தருகின்றன.

எல்லாம் சரியாத்தான் எடுத்தேன் பாய், ஆனா அவங்களுக்குப் போய்ச் சேரும்போது மழுங்கிடுது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடுகிறது, இறுக்கியும் அனுப்புகிறது. முந்தின பதிலில் சொன்ன 10 செ.மீ. படம் 40 பிக்சலிலிருந்து 16 பிக்சலுக்கு இறங்கும், கீறல் ஐந்து பிக்சலில் தப்பிப் பிழைக்கும். முழுத் தோல் படத்திலோ ஒரு மி.மீ.க்கு ஒரு பிக்சல்தான் மிஞ்சும். படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்புங்கள், எடுத்த கோப்பு அப்படியே போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பவே வேண்டாம்.

தோல் மேல் பவுடர் பூசினாப்ல வழவழன்னு வருது. லெதர் கிரெயினே காணோம்.

ஃபோன் தானாகச் செய்கிற வேலை இது. வெளிச்சம் குறைந்தால் ஃபோன் படத்தில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலை அடக்கப் பார்க்கும். அதில் மயிர்க்கால் குழியையும் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும். எடுத்த படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். குழிகள் தனித்தனியாகத் தெரியாமல் வாட்டர் கலர் ஓவியம் மாதிரி கலங்கியிருந்தால் அந்தப் படம் ஆகாது. போர்ட்ரெய்ட், நைட், பியூட்டி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எச்.டி.ஆரையும் நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். அது நிழலைத் தூக்கி வெளிச்சத்தை இறக்கும், நாம் பாடுபட்டு விழுத்திய நிழல்தான் அதில் முதலில் போகும்.

ஃபோனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, 2 நொடி டைமர் வைத்து எடுத்தால் கை நடுக்கம் போய்விடும், குறைந்த ஐ.எஸ்.ஓ.விலும் எடுக்கலாம். படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது லைட் மினுக்குவதால் வருவது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பட்டை போய்விடும்.

கறுப்புத் தோல் சாம்பலாயிடுது. அதுலயும் ஷைன் இருந்தா லைட்டே கண்ணாடி மாதிரி தெரியுது. என்ன பண்றது?

ஃப்ரேம் முழுக்கக் கறுப்பாக இருந்தால், இடம் இருட்டாக இருக்கிறது என்று ஃபோன் நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அதனால்தான் சாம்பல். திரையில் தோலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, பிறகு கீழே இழுத்து இறக்குங்கள். வெள்ளைத் தோலுக்கு இதற்கு நேர்மாறு, அதைச் சற்று ஏற்ற வேண்டும், இல்லையென்றால் அழுக்குப் படிந்தது போலத் தெரியும்.

ஷைன் தோலுக்கும் பேட்டன்ட் தோலுக்கும் சாய்ந்த லைட் மட்டும் போதாது. அவற்றின் குறை நிழலைவிடப் பிரதிபலிப்பில்தான் நன்றாகத் தெரியும். ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையைத் தோலுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்து, அதன் மேல் வெளிச்சம் அடியுங்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஃபோனைச் சாய்த்து, பலகையின் வெள்ளை தோலில் பிரதிபலிக்கிற கோணத்தில் எடுங்கள். எந்தச் சாய்வில் வெளிச்சம் வந்து விழுகிறதோ அதே சாய்வில்தான் திரும்பும், கொஞ்சம் ஏற்றி இறக்கினால் அந்த இடம் கிடைத்துவிடும். கறுப்புத் தோல் வெள்ளையாக மின்னும், அதில் கீறல் கறுப்புக் கோடாக வெட்டித் தெரியும். ஃபினிஷ் படாத இடம் மங்கலான திட்டாகத் தெரியும். கோணலாக எடுக்க வேண்டிய படம் என்றால் இது ஒன்றுதான்.

கலரும் அதே படத்துலயே காட்டிட முடியாதா?

முடியாது, முயற்சியும் வேண்டாம். சாய்ந்த லைட்டில் ஒரு பாதி வெளுப்பும் ஒரு பாதி நிழலுமாக இருக்கும்போது எந்த இடத்தின் நிறத்தைச் சொல்வது? நிறத்துக்குத் தனிப்படம் எடுங்கள். நம் ஊர் வெயிலில் நேராக வைக்காதீர்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கு வடக்குப் பார்த்த திண்ணையில் நிழலில் வைத்து, உள்ளே எரியும் ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள். பகல் வெளிச்சமும் ட்யூப் லைட்டும் கலந்தால் தோலின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் பச்சையும் ஏறும், பிறகு அதைத் திருத்தவே முடியாது. பக்கத்தில் வெள்ளைக் காகிதம் ஒன்று இருந்தால் படம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும். அப்படியும் ஷேட் ஓகே சொல்ல படத்தை நம்ப வேண்டாம். பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்த துண்டுதான் அதற்கு ஆதாரம்.

பின்பக்கம் கத்தி வெட்டு, ஓட்டை எல்லாம்?

அடிப்பக்கத்துக்கும் சாய்ந்த லைட்டே. உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு அங்கேதான் இருக்கும், மேல்பக்கப் படத்தில் தெரியாது. ஓட்டையும் மெல்லிசாகிப் போன இடமும் தெரிய, தோலை ஜன்னலுக்கு எதிரே பிடித்து, பின்னாலிருந்து வெளிச்சம் வர ஒரு படம் எடுங்கள்.

லூஸ் கிரெயினைப் படத்துல காட்ட முடியுமா?

மேல் அடுக்கு அடி அடுக்கோடு இறுகாமல் தளர்ந்து நிற்பதுதான் லூஸ் கிரெயின். விரித்த தோலில் அதைக் காட்ட முடியாது. மடிக்க வேண்டும். மேல்பக்கம் உள்ளே இருக்கும்படி தோலை ஒரு இன்ச் பி.வி.சி. குழாய் அளவுக்கு வளைத்து, வளைவின் உட்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுங்கள். இறுகிய தோலில் சுருக்கம் பொடிப்பொடியாக நெருங்கி விழும், விட்டதும் மறையும். லூஸ் ஆன தோலில் அகலமாகக் குழாய் குழாயாக எழும். முதுகு, வயிறு இரண்டு இடத்தையும் ஒரே வளைவில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வயிற்றுப் பக்கம் எப்போதுமே சற்று லூஸாக இருக்கும், எவ்வளவு என்பதுதான் விஷயம். கனமும் மிருதுவும் படத்தில் வராது. கனத்தை கேஜில் அளந்து, எண் தெரிகிற மாதிரி கேஜைப் படம் எடுத்து அனுப்பலாம். மிருதுவுக்குக் கைதான் வேண்டும்.

இப்படி லைட்டைச் சாய்ச்சா சின்னக் குறையும் பெருசா தெரியுதே. நாமளே நம்ம தோலைக் காட்டிக் கொடுக்கறதா?

இந்தப் பயம் நியாயமானது. சாய்ந்த லைட் பள்ளத்தின் ஆழத்தைச் சொல்வதில்லை, நிழலின் நீளத்தைத்தான் சொல்கிறது. லைட்டை இறக்க இறக்க நிழல் நீளும். அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். பையரும் நீங்களும் "இதுவரை சம்மதம்" என்று முன்பே ஒத்துக்கொண்ட லிமிட் சாம்பிள் துண்டை அதே ஃப்ரேமில், அதே லைட்டில், கீறலும் அதே திசையில் ஓடும்படி வையுங்கள். இரண்டின் நிழலையும் பக்கத்தில் பார்த்தால் பெரிதா சிறிதா என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இரண்டாவதாக, மேலேயிருந்து பரவலான வெளிச்சத்தில் எடுத்த சாதாரணப் படத்தையும் கூட அனுப்புங்கள், ஷூவாகி அலமாரியில் இருக்கும்போது அது எப்படித் தெரியும் என்பது அதில் இருக்கும்.

ஒரு பிரவுன் மாட்டுத் தோலில் இப்படித்தான் எங்களுக்கே சண்டை வந்தது. வயிற்றை ஒட்டி 38 மி.மீ. நீளக் கோடு, அகலம் 0.4 மி.மீ. சாதாரணப் படத்தில் லேசான கறுப்புக் கோடு மட்டும்தான். ஆறின தழும்பு, ஷூவின் மேல்பாகமான அப்பரில் போகட்டும் என்றார் மேசையில் இருந்தவர். திறந்த கீறல் என்றேன் நான். லைட்டை இடப்பக்கம் ஒரு ஜாண் உயரத்தில் வைத்து 10 செ.மீ. ஃப்ரேமில் எடுத்தோம். கோட்டின் மேல் பகுதியில் இடது ஓரம் வெளுத்து வலது ஓரம் நிழலாக இருந்தது, அதாவது மேடு, அவர் சொன்னது சரி. கீழே கடைசி 12 மி.மீ.யில் அது தலைகீழாக மாறியது. இடது ஓரம் நிழல், வலது ஓரம் வெளுப்பு. அங்கே கீறல் ஆறவே இல்லை. தோலைக் கால் சுற்றுத் திருப்பி எடுத்த படத்தில் கோடே இல்லை, ஆனால் அந்தத் திசையில் வேறு கீறல் எதுவும் கிடையாது என்பது அதில் உறுதியானது.

மூன்று படத்தையும், ஸ்கேலும் அம்பும் லிமிட் துண்டும் ஃப்ரேமில் இருக்க, டாக்குமென்ட்டாக அனுப்பினோம். அந்த 12 மி.மீ.யைச் சாக்பீஸால் வட்டமிட்டுத் தோலைக் கட்டிங்குக்குக் கொடுத்தார்கள். வட்டத்தைத் தவிர்த்து பேட்டர்னை இரண்டு விரற்கடை தள்ளி வைத்து வெட்டியதில் ஷூவின் முன்பக்கத்து வாம்ப்பும் பின்பக்கத்து குவார்ட்டரும் முழுசாக வந்தன. வட்டம் விழுந்த துண்டு மட்டும் லேஸுக்கு அடியில் மறையும் டங்குக்குப் போனது.